வைட்மூர் சிறை: வகுப்பறைக்கும் உளவுப் பிரிவுக்கும் நடுவே நழுவியது என்ன?

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயர் பகுதியில், மார்ச் என்கிற சிற்றூருக்குப் பக்கத்தில் வைட்மூர் சிறை இருக்கிறது. கொலை, பயங்கரவாதம் போன்ற குற்றங்களுக்காக நீண்ட தண்டனை பெற்றவர்களை வைக்கும் உயர் பாதுகாப்புச் சிறை அது. 2019 நவம்பர் 29 அன்று, அங்கிருந்து பதினோரு மாதங்களுக்கு முன் விடுதலையான உஸ்மான் கான், லண்டன் பாலத்தை ஒட்டிய ஃபிஷ்மாங்கர்ஸ் ஹாலில் இருவரைக் குத்திக் கொன்றார். ஆறு வாரம்கூட ஆகவில்லை. 2020 ஜனவரி 9 அன்று அதே வைட்மூருக்குள் இரண்டு கைதிகள் போலித் தற்கொலை வெடிகுண்டு அங்கி அணிந்து ஒரு சிறைக் காவலர் மீது பாய்ந்தார்கள்.

முதல் சம்பவத்தில், தீவிரவாத எண்ணத்தோடு உள்ளே வந்தவர் அதே எண்ணத்தோடு வெளியே போனார். இரண்டாவது சம்பவத்தில், பயங்கரவாதத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் உள்ளே வந்த ஒருவர் உள்ளேயே அந்த வழிக்குப் போனார். "பாதுகாப்பா, சீர்திருத்தமா" என்று பிரிட்டனில் அப்போது எழுந்த விவாதத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. பிரித்துப் பார்த்தால்தான் எங்கே என்ன தவறியது என்று புரியும்.

கானின் தண்டனை

கான் ஸ்டோக் நகரத்துக்காரர். 2010 டிசம்பரில் கைதானபோது வயது 19. லண்டன் பங்குச் சந்தையில் குண்டு வைப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒன்பது பேர் கொண்ட குழுவில் அவரும் ஒருவர். கானும் அவருடைய ஸ்டோக் நண்பர்களும் போட்ட திட்டம் வேறு: பாகிஸ்தான் பக்கக் காஷ்மீரில் குடும்பத்துக்குச் சொந்தமான நிலத்தில் ஒரு பயிற்சி முகாம் அமைப்பது.

2012 பிப்ரவரியில் நீதிபதி அவருக்குக் காலவரையற்ற தண்டனை விதித்தார். குறைந்தது எட்டு ஆண்டு உள்ளே இருக்க வேண்டும். அதன்பின், ஆபத்தில்லை என்று பரோல் வாரியம் நம்பினால் மட்டுமே விடுதலை. மேல்முறையீட்டில் இது மாறியது. 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்து, 16 ஆண்டு சிறையும் அதன்மேல் 5 ஆண்டு கண்காணிப்புமாக ஆக்கியது. அன்றைய சட்டப்படி இப்படிப்பட்ட தண்டனையில் பாதிக்காலம் முடிந்தால் விடுதலை தானாக வந்துவிடும். பரோல் வாரியத்துக்கு அதில் வேலையே இல்லை.

2018 டிசம்பர் 24 அன்று அவர் வெளியே வந்தபோது யாரும் அவரை நம்பி விட்டதாக அர்த்தமில்லை. தேதி வந்தது, கதவு திறந்தது. வழக்கமாக நீண்ட தண்டனைக்காரர்களைப் படிப்படியாகக் குறைந்த பாதுகாப்புச் சிறைகளுக்கு மாற்றி, பகல்நேர அனுமதியில் வெளியே அனுப்பிப் பார்த்து, பிறகுதான் விடுவார்கள். கான் உயர் பாதுகாப்புச் சிறையிலிருந்து நேராகத் தெருவுக்கு வந்தார். பிற்பாடு "சீர்திருத்தக்காரர்கள் அவசரப்பட்டு விடுவித்துவிட்டார்கள்" என்று பலர் எழுதினார்கள். அது உண்மையில்லை. விடுவித்தது சட்டத்தின் கணக்கு. சீர்திருத்தம் கோட்டைவிட்டது வேறு இடத்தில்.

உள்ளே இரண்டு கான்கள்

சிறையில் கானைப் பற்றி இரண்டு சித்திரங்கள் உருவாயின. சிறை உளவுப் பிரிவின் பதிவுகளில் அவர் மற்ற கைதிகளை மதம் மாறச் சொல்லி நெருக்குபவர், தீவிரவாதக் கைதிகள் மத்தியில் செல்வாக்குள்ளவர். விடுதலை நெருங்கிய மாதங்களில், வெளியே போனதும் பழைய வழிக்கே திரும்புவார் என்றும், தாக்குதல் நடத்த நினைக்கிறார் என்றும் தகவல்கள் வந்தன. அவற்றின் நம்பகத்தன்மை குறைவு என்று மதிப்பிட்டாலும், உள்நாட்டு உளவு அமைப்பான எம்ஐ5 அவர்மீது விசாரணையை மீண்டும் திறந்தது.

வகுப்பறையில் இருந்தவர் இன்னொரு கான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறை 'லர்னிங் டுகெதர்' என்ற திட்டத்தை நடத்திவந்தது. பல்கலைக்கழக மாணவர்களும் கைதிகளும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே பாடத்தைப் படிப்பார்கள். திட்டத்தை இழிவாகப் பேச எனக்கு மனமில்லை. நல்ல எண்ணத்தோடு தொடங்கி, பல கைதிகளின் வாழ்க்கையை நிஜமாகவே திருப்பிய வேலை அது. கான் அங்கே ஆர்வமாகப் படித்தார், எழுதினார், நன்றி சொன்னார். திட்டத்தின் வெற்றிக்கு உதாரணமாகக் காட்டப்படும் நிலைக்கு வந்தார்.

இந்த இரண்டுக்கும் நடுவே உளவியலாளர்கள் இருந்தார்கள். தீவிரவாதக் குற்றவாளிகளை மதிப்பிட இங்கிலாந்துச் சிறைகளில் 22 அம்சங்கள் கொண்ட ஒரு வழிகாட்டி உண்டு. அதில் மூன்று பகுதிகள்: அந்தக் கொள்கையோடும் குழுவோடும் எவ்வளவு ஒட்டியிருக்கிறார், தீங்கு செய்யும் நோக்கம் இருக்கிறதா, செய்யும் திறன் இருக்கிறதா. தேர்வு போலக் கூட்டிப்போட்டு மதிப்பெண் தருவதில்லை. பேட்டி, ஆவணம், நடத்தை மூன்றையும் வைத்து உளவியலாளர் தன் முடிவுக்கு வர வேண்டும். இதோடு இணைந்த சிகிச்சைத் திட்டம்தான் கான் முடித்த 'ஹெல்தி ஐடென்டிட்டி இன்டர்வென்ஷன்'. ஒருவர் ஏன் அந்தக் குழுவில் தன் அடையாளத்தைத் தேடினார், அதை விட்டால் வேறு என்ன அடையாளம் மிஞ்சும் என்று தனியாளாக உட்கார வைத்துப் பேசும் முறை அது.

இதன் பலவீனம் வெளிப்படையானது. பெரும்பகுதி அந்தக் கைதி சொல்வதை நம்பியே நிற்கிறது. என்ன சொன்னால் எதிரில் இருப்பவருக்குப் பிடிக்கும் என்று பல ஆண்டு சிறையில் இருந்தவருக்கு நன்றாகத் தெரியும். கானை 2018இல் மதிப்பிட்ட உளவியலாளர் பின்னர் மரண விசாரணையில் சாட்சி சொன்னபோது, உள்ளே வந்த கானைவிட வெளியே போன கான் அதிக ஆபத்தானவராக இருந்தார் என்றார். திட்டத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான கிறிஸ்டோபர் டீனும், ஒருவர் இனி ஆபத்தில்லை என்று எப்போதும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றே பேசியிருக்கிறார். கருவியைச் செய்தவர்களுக்கு அதன் எல்லை தெரிந்திருந்தது. 'படிப்பு முடித்தார்' என்ற வரியைக் கோப்பில் பார்ப்பவர்களுக்குத்தான் அது தெரியாமல் போனது.

வெளியே பதினோரு மாதங்கள்

பிரிட்டனில் ஆபத்தான குற்றவாளிகள் விடுதலையானால், காவல்துறை, நன்னடத்தைப் பிரிவு, சிறைத்துறை எல்லாம் சேர்ந்து 'மாப்பா' என்ற கூட்டு ஏற்பாட்டில் அவ்வப்போது உட்கார்ந்து பேச வேண்டும். கானுக்காக ஸ்டாஃபர்ட்ஷயரில் இந்தக் கூட்டங்கள் நடந்தன. கட்டுப்பாடுகளுக்குக் குறைவில்லை: காலில் ஜிபிஎஸ் பட்டை, இணையத்துக்குத் தடை, யாரைச் சந்திக்கலாம், எங்கே போகலாம் என்று நீண்ட பட்டியல்.

முதலில் கண்காணிப்பு விடுதியில் இருந்தார். 2019 செப்டம்பரில் ஸ்டாஃபர்டில் தனியாக ஒரு குடியிருப்புக்கு மாறினார். வேலை கிடைக்கவில்லை. பேச்சுத்துணைக்கு ஆளில்லை. அவருக்கு ஏற்பாடு செய்திருந்த வழிகாட்டிகளின் சந்திப்புகளும் நின்றுபோயின. எண்ணம் மாறிய ஒருவரையே பின்னுக்கு இழுக்கக்கூடிய சூழ்நிலை அது. மாறாதவருக்குத் திட்டம் போட நேரமும் தனிமையும் கிடைத்தன. ஆனால் கண்காணித்தவர்களுக்கு அது எப்படித் தெரிந்தது? விதியை மீறவில்லை, சொன்ன இடத்தில் இருக்கிறார், கேட்டதற்குப் பணிவாகப் பதில் சொல்கிறார். அமைதியாக இருப்பது நல்ல அறிகுறியாகப் பதிவானது.

அப்புறம்தான் அழைப்பு வந்தது. லர்னிங் டுகெதர் திட்டத்தின் ஐந்தாண்டு நிறைவு விழா லண்டனில். அதுவரை கான் தனியாக லண்டன் போனதில்லை. மாப்பா கூட்டத்தில் இந்தப் பயணம் பற்றி ஆழமான விவாதம் எதுவும் நடக்கவில்லை. காவல்துறைக்குத் தெரியும், நன்னடத்தைப் பிரிவுக்குத் தெரியும், எம்ஐ5க்கும் தெரியும். ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்றிருந்தார்கள். விழா நடத்தியவர்களுக்கோ, அவரைப் பற்றிய உளவுத் தகவல் எதுவும் சொல்லப்படவே இல்லை.

நவம்பர் 29 காலையில் துணைக்கு யாருமில்லாமல் ஸ்டாஃபர்டில் ரயில் ஏறி லண்டன் யூஸ்டனில் இறங்கினார். பருமனான கோட்டு, அதற்குள் போலித் தற்கொலை அங்கி. மண்டபத்தின் வாசலில் உலோகம் கண்டறியும் கருவியும் இல்லை, பைச் சோதனையும் இல்லை. பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்று முன்பு, கழிப்பறையில் கத்திகளை இரு கைகளோடும் நாடாவால் சுற்றிக் கட்டிக்கொண்டு தாக்கத் தொடங்கினார். திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் ஜாக் மெரிட், 25 வயது. தன்னார்வலர் சாஸ்கியா ஜோன்ஸ், 23 வயது. இருவரும் இறந்தார்கள். மேலும் சிலர் காயமடைந்தார்கள்.

அவரைத் துரத்தியவர்கள் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். தீயணைப்பு உருளையோடு எதிர்த்து நின்ற ஜான் கிரில்லி முன்னாள் கைதி. ஸ்டீவ் கேலன்ட் கொலைக்குற்றத்துக்காகத் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தவர். அன்று பகல்நேர அனுமதியில் விழாவுக்கு வந்திருந்தார். மண்டபத்துச் சுவரில் மாட்டியிருந்த நார்வால் திமிங்கிலத்தின் கொம்பை எடுத்து எதிர்த்த டாரின் ஃப்ராஸ்ட் அரசு ஊழியர். இவர்கள் சேர்ந்து கானைப் பாலத்தில் மடக்கிய பிறகுதான் காவலர்கள் வந்து சுட்டார்கள். ஒரே திட்டம், ஒரே மண்டபம், ஒரே நாள்: திட்டத்தால் மாறாதவரும் அங்கே இருந்தார், சிறை அனுபவித்தும் உயிரைப் பணயம் வைத்துப் பிறரைக் காத்தவர்களும் இருந்தார்கள். சிறை வகுப்புகளை மொத்தமாக இழுத்து மூடு என்றவர்கள் இந்தப் பாதியை வசதியாக மறந்துவிட்டார்கள். தன் மகனின் மரணத்தைக் காட்டிக் கடுமையான தண்டனைகளைக் கொண்டுவராதீர்கள் என்று ஜாக் மெரிட்டின் குடும்பமே கேட்டுக்கொண்டது.

2021 மே மாதம் மரண விசாரணை ஜூரி தன் முடிவைச் சொன்னது. கூட்டுக் கண்காணிப்பில் யார் எதற்குப் பொறுப்பு என்ற தெளிவே இல்லை. அமைப்புகளுக்கிடையே தகவல் சரியாகப் பகிரப்படவில்லை. மண்டபத்தில் பாதுகாப்பு போதவில்லை. கான் ஒரு முன்மாதிரி என்ற பிம்பம் கண்ணை மறைத்துவிட்டது. என் வாசிப்பில் கடைசியாகச் சொன்னதே மிக முக்கியமானது. அங்கே பாதுகாப்பை விட்டுக்கொடுத்துச் சீர்திருத்தத்தை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டும் தனித்தனி அறைகளில் ஓடின. ஆசிரியர்களிடம் உளவுக் கோப்பு இல்லை. உளவுக்காரர்களுக்கு வகுப்பறையோடு பேச்சு இல்லை. இரண்டையும் எடைபோட வேண்டிய மேசையில் பாதிக் காகிதங்கள்தான் இருந்தன.

பிளாக்குக்குள் நடந்தது

இப்போது ஜனவரி 9. தாக்கியவர்களில் ஒருவர் புருஸ்தாம் ஸியமானி. 2014இல் கத்தியும் சுத்தியலுமாக லண்டன் தெருவில் பிடிபட்டவர். படைவீரர் ஒருவரைத் தலைவெட்டிக் கொல்லும் திட்டத்துக்காக நீண்ட தண்டனை. மற்றவர் பாஸ் ஹாக்டன். கத்திக்குத்து வழக்கில் உள்ளே வந்தவர். பயங்கரவாதக் குற்றம் எதுவும் அவர்மேல் இல்லை. இருவரும் சேர்ந்து ஒரு காவலரிடம் ஏதோ பொருள் வேண்டும் என்று கேட்டு, சாமான் அறையைத் திறக்க வைத்து, அங்கே கையால் செய்த ஆயுதங்களால் தாக்கினார்கள். காப்பாற்ற ஓடிவந்த பெண் காவலரும் செவிலியரும்கூட அடிபட்டார்கள். காவலர் உயிர் தப்பினார். இருவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது.

ஹாக்டன் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார் என்பதுதான் சிறைத்துறையின் உண்மையான தலைவலி. உயர் பாதுகாப்புச் சிறையில் தனியாளாக இருப்பது ஆபத்து. ஒரு கூட்டத்தோடு சேர்ந்தால் அடி விழாது, சாப்பாட்டு நேரத்தில் உட்கார இடம் கிடைக்கும், பேச ஆள் கிடைக்கும். சில பிளாக்குகளில் மதத்தின் பெயரால் இயங்கும் கும்பல்கள் இந்தப் பாதுகாப்பைத் தருகின்றன. 2022இல் பயங்கரவாதச் சட்டங்களுக்கான சுயாதீனப் பரிசீலகர் ஜொனாதன் ஹால் கொடுத்த அறிக்கை இதைத்தான் விரித்தது: ஒரு பிளாக்கில் தனக்குத்தானே தலைவர் பட்டம் சூட்டிக்கொண்டவர்கள், யார் தொழ வேண்டும், யார் எப்படி நடக்க வேண்டும் என்று விதிப்பவர்கள், மீறினால் அடிப்பவர்கள். தலையிட்டால் மதவிரோதி என்று பெயர் வந்துவிடுமோ என்று காவலர்கள் தயங்கியதையும் அவர் எழுதினார்.

இங்கே பிரித்தறிவது கடினம். சிறையில் மதம் மாறுபவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தத் தீங்கும் செய்வதில்லை. பலருக்கு அதுவே குடியையும் சண்டையையும் விட உதவுகிறது. தாடி வளர்ப்பதும் தொழுவதும் அறிகுறி அல்ல. கவனிக்க வேண்டியவை வேறு: ஒருவர் திடீரென்று பழைய நண்பர்களை விட்டு ஒதுங்குகிறாரா, சிறையின் இமாமைப் பார்க்க மறுத்து பிளாக்கில் இருக்கும் ஒரு கைதியின் பேச்சை மட்டும் கேட்கிறாரா, சமையலறையில் மற்றவர்கள் எதைச் சமைக்கலாம் என்று அதட்டுகிறாரா, காவலரோடு பேசுவதையே நிறுத்திவிட்டாரா. இதையெல்லாம் உளவுக் கருவி கண்டுபிடிக்காது. அந்தப் பிளாக்கில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்க்கும், கைதிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் காவலர்தான் கண்டுபிடிப்பார். 2010க்குப் பிறகு செலவுக் குறைப்பில் இங்கிலாந்துச் சிறைகள் இழந்தது முக்கியமாக இப்படிப்பட்ட அனுபவசாலிகளைத்தான்.

பிரித்து வைப்பது

செல்வாக்குள்ளவரைத் தனியே பிரித்து வைத்தால் என்ன? 2016இல் முன்னாள் சிறை அதிகாரி இயன் அச்செசன் தலைமையில் நடந்த ஆய்வு அதைத்தான் பரிந்துரைத்தது. அரசு மூன்று தனிப்பிரிவு மையங்களை அறிவித்தது. மொத்தம் 28 பேர்வரை. முதலாவது 2017இல் டரம் நகரத்துக்குப் பக்கத்தில் ஃப்ராங்க்லாண்ட் சிறைக்குள் திறந்தது.

ஆனால் மையங்கள் நிரம்பவே இல்லை. ஒருவரை அங்கே அனுப்ப, அவர் மற்றவர்களைத் தூண்டுகிறார் என்று ஆதாரத்தோடு காட்ட வேண்டும், காரணத்தை அவருக்குச் சொல்ல வேண்டும், குறித்த இடைவெளியில் மறுபரிசீலனை செய்ய வேண்டும். ஆதாரமோ பெரும்பாலும் சக கைதி ரகசியமாகச் சொன்னது. வெளியே சொன்னால் சொன்னவர் உயிருக்கு ஆபத்து. வழக்குப் போட்டால் தோற்றுவிடுவோம் என்ற பயத்தில் சிறை நிர்வாகங்கள் பரிந்துரைக்கவே தயங்கியதை ஹால் சுட்டிக்காட்டினார்.

இன்னொரு பக்கம், மையத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரே எண்ணம் கொண்ட, ஒருவருக்கொருவர் நிரூபித்துக்காட்ட விரும்பும் சிலர். ஆனாலும் அங்கே வாழ்க்கை முற்றிலும் முடக்கப்பட்டதாக இருக்கக்கூடாது என்று ஓரளவு சுதந்திரம் கொடுத்தார்கள். அதில் ஒன்று சொந்தமாகச் சமைத்துக்கொள்ளும் அறை. 2025 ஏப்ரல் 12 அன்று ஃப்ராங்க்லாண்ட் மையத்தில் ஹாஷிம் அபேதி கொதிக்கும் எண்ணெயை ஊற்றி, கையால் செய்த ஆயுதங்களால் மூன்று காவலர்களைத் தாக்கினார். மான்செஸ்டர் அரங்கக் குண்டுவெடிப்பில் 22 பேரைக் கொன்றவரின் தம்பி, அந்தச் சதியில் பங்குகொண்டதற்காகத் தண்டனை பெற்றவர். 2020இல் பெல்மார்ஷ் சிறையிலும் காவலரைத் தாக்கியவர். அப்படிப்பட்டவர் கையில் சூடான எண்ணெய் எப்படிப் போனது என்று காவலர் சங்கம் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மையங்களின் சமையலறைகள் உடனே மூடப்பட்டன.

இங்கேதான் இருபுறமும் இழுபறி. சமையலறை எல்லோருக்கும் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. யாருக்கு வேண்டாம் என்று ஆள் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருந்தது. அதற்கு ஒருவரின் பழைய தாக்குதல், உளவியலாளரின் குறிப்பு, பிளாக் காவலரின் கவனிப்பு மூன்றும் ஒரே இடத்தில் சேர வேண்டும். எல்லோரையும் ஒரேயடியாகப் பூட்டிவைப்பதும் எளிதில்லை. ஒரு கைதியை நீண்டகாலம் மற்றவர்களோடு பழக விடாமல் வைத்தது, தனிவாழ்வுக்கான அவரது உரிமையை மீறியது என்று 2025 ஜனவரியில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இத்தனைக்கும் அவர் இரட்டைக் கொலைக்காக உள்ளே இருப்பவர், ஒரு சிறைக் காவலரைப் பணயக்கைதியாகப் பிடித்தவர்.

சட்டம் மாறிய விதம்

2020 பிப்ரவரி 2 அன்று, விடுதலையாகிப் பத்து நாளே ஆன சுதேஷ் அம்மான் தெற்கு லண்டனின் ஸ்ட்ரெதமில் இருவரைக் குத்தினார். ஆயுதக் காவலர்கள் பின்னாலேயே தொடர்ந்துகொண்டிருந்தும் தடுக்க முடியவில்லை. குத்திய பிறகே சுட்டார்கள். அந்த மாதமே பாராளுமன்றம் அவசரச் சட்டம் போட்டது. பயங்கரவாதக் குற்றவாளிகளுக்குப் பாதித் தண்டனையில் தானாக விடுதலை என்பது ஒழிந்தது. மூன்றில் இரண்டு பங்கு முடிந்தபின், பரோல் வாரியம் சம்மதித்தால் மட்டுமே. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்கும் இது பொருந்தியது. 2021இல் மேலும் நீண்ட தண்டனைகளும், விடுதலையானவர்களுக்குப் பொய் கண்டறியும் சோதனையும் வந்தன.

கான் வழக்கில் நேரடியாக உதவியிருக்கக்கூடியது 2022இல் வந்த சின்ன மாற்றம். கண்காணிப்பில் இருக்கும் முன்னாள் பயங்கரவாதக் கைதியை வழியில் நிறுத்தி உடலைச் சோதிக்கவும், வீட்டைச் சோதிக்கவும் காவல்துறைக்கு அப்போதுதான் தனி அதிகாரம் கிடைத்தது. அதற்கு முன், ஸ்டாஃபர்ட் ரயில் நிலையத்தில் அந்தப் பருமனான கோட்டைப் பார்த்துச் சந்தேகம் வந்திருந்தாலும், அவர் கண்காணிப்பில் இருப்பவர் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி அதைத் திறக்கச் சொல்ல முடியாது.

தண்டனையை நீட்டுவதன் பலன் எனக்கு அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. கான் இன்னும் மூன்று ஆண்டு வைட்மூரில் இருந்திருந்தால் அந்தப் பிளாக்கில் இன்னும் மூன்று ஆண்டு செல்வாக்கோடு இருந்திருப்பார். ஹாக்டன் போன்றவர்கள் உருவாவது அங்கேதான். ஆனால் பரோல் வாரியத்தின் முன் நிறுத்துவது வேறு விஷயம். அங்கே உளவியலாளர், சிறை உளவுப் பிரிவு, நன்னடத்தை அதிகாரி எல்லோரும் தங்கள் காகிதங்களை ஒரே கோப்பில் வைத்தாக வேண்டும், அதைப் படித்தவர்கள் கைதியை நேரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். 2018இல் கானுக்கு அப்படி ஒரு நாள் வரவே இல்லை.